மீட்டிங்கில் பிறந்த பிரியாவும் பேட்டியில் கிடைத்தவர்களும்

கோவையில் டேபிள்டாப் கிரைண்டர் தயாரித்து ஆன்லைனில் விற்கும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 2 லட்சம் ரூபாய் விளம்பரத்துக்குப் போகிறது. வாங்குகிறவர் யார் என்று ஒரு பெர்சோனா, அதாவது பெயர் வைத்து ஒரு மாதிரி வாடிக்கையாளரின் சித்திரம், எழுத வேண்டும். அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு: அறைக்குள் உட்கார்ந்து யூகிப்பது, விளம்பரத் தளமும் கடைக் கணக்கும் காட்டும் தரவிலிருந்து எழுதுவது, வாங்கியவர்களிடம் பேசி எழுதுவது.

யூகத்தில் பிறக்கும் பெர்சோனாவை எல்லோரும் பார்த்திருப்போம். பெயர் பிரியா, வயது 32, சென்னையில் ஐடி வேலை, யோகா செய்வார், குடும்பத்தின் ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர். இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்துவிடலாம், செலவு டீயும் பஜ்ஜியும்தான். இதில் பொய் என்று ஒன்றும் இல்லை. அப்படிப் பலர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இதே பிரியாவுக்கு ஏர் ஃபிரையர் விற்கலாம், செக்கு எண்ணெய் விற்கலாம், இன்சூரன்ஸ்கூட விற்கலாம். கிரைண்டரை எப்போது, எதனால் வாங்குவார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்காது. அதனால் முடிவுகளும் பொத்தாம்பொதுவாகவே வரும்: இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், 25 முதல் 40 வயதுப் பெண்கள், ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று ஒரு வாசகம்.

தரவு இதைவிட மேல். எந்த ஊருக்கு அதிகம் போகிறது, எந்த மாடல் ஓடுகிறது, எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்கள் என்பது தெரியும். எண்ணிக்கை வேண்டும் என்றால் இதைத்தான் நம்ப வேண்டும். ஆனால் ஆர்டர் மதுரை முகவரிக்குப் போகிறது, பணம் பெங்களூரில் இருப்பவர் கட்டுகிறார் என்றால், யார் தேர்ந்தெடுத்தார், யார் அரைக்கப்போகிறார் என்று அந்த அட்டவணை சொல்லாது.

பேட்டிக்கு வருவோம். பெர்சோனா என்ற முறையை மென்பொருள் உலகில் பரப்பிய ஆலன் கூப்பர், 1995-இல் வாடிக்கையாளர்களை நேரில் சந்தித்துப் பேசி, அவர்களுடைய நோக்கத்தையும் வேலையையும் வைத்துப் பிரித்துத்தான் சக், சிந்தியா, ராப் என்ற மூவரை உருவாக்கினார். பின்னால் வந்தவர்கள் பெயரையும் படத்தையும் எடுத்துக்கொண்டு பேட்டியை விட்டுவிட்டார்கள்.

யாரிடம் பேசுவது என்பதில்தான் பாதி வேலை. கடந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் வாங்கியவர்கள் வேண்டும். அதற்கு மேல் போனால் நினைவு மங்கி, காரணம் கற்பித்துச் சொல்ல ஆரம்பிப்பார்கள். விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களும் கட்டாயம் வேண்டும். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களிடம் மட்டும் பேசினால் பாராட்டுதான் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், சம்மதத்தோடு ஒலிப்பதிவு. சேல்ஸ் ஆளை அனுப்ப வேண்டாம். பதினைந்தாவது நிமிடத்தில் விற்க ஆரம்பித்துவிடுவார்.

“ஏன் வாங்கினீங்க?” என்று கேட்டால் “தரமா இருந்துச்சு” என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “புதுசு வாங்கணும்னு முதல்ல எப்போ தோணுச்சு? அன்னைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டால் பேச்சே மாறும். பழைய கிரைண்டர் அரிசி ஊறிக்கொண்டிருக்கும்போது நின்றுபோனது, பெல்ட் மாற்ற வந்த மெக்கானிக் மோட்டாரும் போய்விட்டது என்றார், அந்த வாரம் கடையில் மாவு பாக்கெட் வாங்கினோம், புளிப்பு பிடிக்கவில்லை, மகன் போனில் தேடினான், கல்லைத் தூக்க முடியுமா என்று அம்மா கேட்டார் என்று நடந்தது நடந்தபடி வரும். அடுத்த கேள்வி “அப்புறம்?” என்பதுதான். முடிந்தால் அப்போது தேடிய போன் ஹிஸ்டரியையோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டதையோ காட்டச் சொல்லலாம். “இந்த வசதி இருந்தா வாங்குவீங்களா?” என்று மட்டும் கேட்கக் கூடாது, முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பதிவுகளை எழுத்தாக்கி, வயதையும் ஊரையும் ஓரமாக வைத்துவிட்டு, எது கிளப்பிவிட்டது, எது தயங்க வைத்தது என்ற இரண்டை வைத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் மூன்று பேர் தெரியவரலாம். பழையது நின்றுபோனவர். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாங்கித் தருபவர். விலை விசாரித்துவிட்டுக் கடை மாவோடு தங்கிவிட்டவர்.

மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் விளம்பர முடிவுதான். பிரியாவை நம்பினால் தீபாவளிக்கு 15 சதவீதத் தள்ளுபடி போடுவோம். தரவும் சென்ற தீபாவளியில் விற்பனை கூடியதைக் காட்டி அதற்கே தலையாட்டும். ஆனால் கிரைண்டர் நின்றுபோனவருக்குப் பண்டிகை ஒரு பொருட்டில்லை. தள்ளுபடி இல்லாவிட்டாலும் இந்த வாரமே வாங்கியிருப்பார். அவரைப் பிடிக்க வேண்டிய இடம் ‘கிரைண்டர் பெல்ட் விலை’, ‘கிரைண்டர் சர்வீஸ்’ என்ற கூகுள் தேடல்கள். பழையதை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்ற எக்ஸ்சேஞ்ச் அவருக்குத் தள்ளுபடியைவிடப் பெரிது. அம்மாவுக்கு வாங்குபவருக்குக் கல்லின் எடை கிலோவில் தெரிய வேண்டும், அம்மாவின் பின்கோடைப் போட்டால் பக்கத்துச் சர்வீஸ் ஆள் யார் என்று தெரிய வேண்டும். பணம் கட்டுவது இவர்தான் என்றாலும் தமிழில் ஒரு வீடியோ இருந்தால் அதை அப்படியே அம்மாவுக்கு அனுப்புவார். மூன்றாமவரிடம் நம் போட்டி வேறு கம்பெனி கிரைண்டர் அல்ல, அரைத்து முடித்தபின் கழுவும் வேலை. கழுவுவதை வெட்டாமல் முழுதாகக் காட்டும் வீடியோ அவருக்குப் பாட்டி கைப்பக்குவத்தைவிட உதவும். அதுவும் எடுபடாவிட்டால் அவருக்கான செலவை நிறுத்திவிடலாம். யாருக்கு விளம்பரம் போட வேண்டாம் என்று சொல்வது, என் பார்வையில், பேட்டியின் பெரிய லாபம்.

பேட்டிக்கும் ஓட்டை உண்டு. பன்னிரண்டு பேரில் ஆறு பேர் ‘பழையது நின்றுபோனவர்’ என்பதால் சந்தையில் பாதி அவர்கள்தான் என்று பட்ஜெட்டைப் பாதியாகப் பிரிக்கக் கூடாது. என்னென்ன காரணங்கள் உண்டு என்று பேட்டி சொல்லும். எத்தனை பேர் என்று சொல்லாது. அங்கேதான் தரவு மறுபடியும் தேவைப்படுகிறது. ஆர்டர் முடிந்ததும் “இப்போது வாங்கக் காரணம்?” என்று ஒரே கேள்வி, பேட்டியில் கிடைத்த பதில்களையே தேர்வுகளாகக் கொடுத்து, ‘வேறு காரணம்’ என்று ஒரு காலிக் கட்டமும் வைத்தால் ஒரு மாதத்தில் விகிதம் தெரிந்துவிடும். அந்தக் காலிக் கட்டம் நிரம்பிக்கொண்டே போனால், நம் மூவரில் அடங்காத நாலாவது ஆள் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். திரும்பவும் ஐந்தாறு பேரை அழைத்துப் பேச வேண்டும்.

சரி, யூகத்துக்கு இடமே இல்லையா? பொருளே இன்னும் சந்தைக்கு வரவில்லை, வாங்கியவர் ஒருவரும் இல்லை என்றால் யூகித்துத்தான் தொடங்க வேண்டும். அப்போதும் வரிக்கு வரி ‘யூகம்’ என்று குறித்து வையுங்கள். பேட்டிப் பெர்சோனாவில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எத்தனையாவது பேட்டி என்ற எண் இருக்கும். எண் இல்லாத வரியை வைத்து யாராவது பட்ஜெட் கேட்டால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வழி கிடைக்கும்.