பகலில் செதிலை எண்ணலாம், ராத்திரியில் பட்டையே தெரியாது: பாம்புப் படம் எடுப்பவரின் ஃபோன் அனுபவம்

இந்த மூன்று லென்ஸ் ஃபோனின் விலை இறங்கியதும் அரியாங்குப்பத்திலிருந்து தங்கை வீட்டுக்காரர் கேட்டார்: "மச்சான், ரெண்டு மழைக்காலமா வச்சிருக்கீங்க. வாங்கலாமா?" ப்ராசஸர், பேட்டரி எல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது கேமரா பற்றி மட்டும்தான். அதிலும் ஒரே ஒரு வேலையைப் பற்றி.

கடலூரில் எங்கள் பகுதி வாட்ஸப் குழுவில் யார் வீட்டில் பாம்பு வந்தாலும் படம் என்னிடம்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் கெடிலத்தில் தண்ணீர் ஏறினால் தினம் ஒன்று வரும். சாரைப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு என்றால் படம் எப்படி இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பிரச்சினை கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்களே, அது. இரண்டும் இரவில் நடமாடும், இரண்டும் வீட்டுக்குள் வரும், இரண்டுக்கும் கருமையான உடம்பில் வெளிர் பட்டைகள். ஒன்றின் கடி உயிரை எடுக்கும், மற்றதற்கு விஷமே கிடையாது.

பிரித்துப் பார்க்க உடம்பில் மூன்று இடம் தெரிந்தால் போதும். வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கும். முன்பக்கம் அகலமாக இருந்து வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு நேர் தலைகீழ்: கழுத்தை ஒட்டிப் பட்டை பெரும்பாலும் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், பின்பக்கம் தெளிவாகும், அதுவும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். மூன்றாவது, முதுகின் நடுக்கோடு. கட்டுவிரியனுக்கு அங்கே ஒரே வரிசையில் பெரிய அறுகோணச் செதில்கள் இருக்கும். வரையனுக்கு முதுகுச் செதில் மற்றச் செதில்கள் மாதிரியே சின்னதாக இருக்கும். ராத்திரிப் படத்தில் முதலில் காணாமல் போவது இந்த மூன்றும்தான்.

பகலில் இந்த ஃபோனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மதில் மேல் வெயில் காய்ந்த பாம்பை நல்ல தூரத்தில் நின்று 3x வைத்து எடுத்தால் முதுகுச் செதிலின் ஓரம்கூடத் தெரிகிறது. கிட்டே போகத் தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயம். இருட்டினதும் அதே 3x ஏமாற்றுகிறது. தூர லென்ஸுக்குள் வெளிச்சம் குறைவாகத்தான் போகும். அதனால் இருட்டில் ஃபோன் தானாகவே முதன்மை லென்ஸுக்கு மாறி, அந்தப் படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது. திரையில் மட்டும் 3x என்றே இருக்கும். சந்தேகம் இருந்தால் தூர லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருட்டாகவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது அந்த லென்ஸின் படமே இல்லை. பல ஃபோன்களில் இப்படித்தான், இது ஒன்றின் குறை மட்டும் இல்லை. ஆனாலும் மாறியதைத் திரையில் ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? இவ்வளவு நாளாக எனக்கு ஆறாத கோபம் இதுதான்.

போன மழையில் நடந்ததைச் சொல்கிறேன், மீதி எல்லாம் அதிலேயே வந்துவிடும். ராத்திரி பக்கத்துத் தெருத் தம்பி கூப்பிட்டார். "அண்ணே, பின்பக்க ஜன்னலுக்கு வெளிய, துணி துவைக்கிற கல்லு மேல கெடக்குது. விரியனான்னு பாருங்க, வீட்ல கொழந்தைங்க இருக்குது." கூடவே ஒரு படம் வந்தது. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக ஃப்ளாஷ் போட்டு எடுத்தது. நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், ஓரத்தில் ட்யூப்லைட்டும் சுவர் காலண்டரும், எங்கேயோ கறுப்பாக ஒரு வளைவு. அவ்வளவுதான்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி தன் மேல் விழும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் இது கண்ணில் படாது. ராத்திரி அறைக்குள் ட்யூப்லைட் எரிந்து வெளியே இருட்டாக இருந்தால், அறையின் அந்த 8 சதவீதமே கொல்லைப்புறத்தைவிடப் பிரகாசம். கேமரா அறையைத்தான் எடுக்கும். ஃப்ளாஷ் போட்டால் அந்த வெளிச்சமும் கண்ணாடியில் பட்டு நேராக லென்ஸுக்குள் திரும்பும். அதனால் ஜன்னல் வழியாக எடுக்கும்போது ஃப்ளாஷை அணைத்துவிட்டு அறை விளக்கையும் அணைக்கச் சொல்கிறேன். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஃபோனைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, சுற்றிலும் இருக்கும் இடுக்கைக் கறுப்புத் துணியாலோ கையாலோ மூட வேண்டும். ஒட்டி வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. கண்ணாடியின் அழுக்கும் மழைத்துளியும் லென்ஸுக்கு மிகக் கிட்டத்தில் வந்துவிடும், அவ்வளவு கிட்டே ஃபோனால் ஃபோகஸ் செய்ய முடியாது. வேறு வழியின்றி வெளியே இருப்பதைப் பிடிக்கும். வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டிய ஜன்னலாக இருந்தால் இதையெல்லாம் செய்தும் பெரிய பலன் இல்லை, வேறு ஜன்னலைத் தேட வேண்டியதுதான்.

நான் போனபோது பாம்பு அதே கல்லில்தான் இருந்தது. ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்து, ஃபோனைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து எடுத்தேன். பிரதிபலிப்பு போய்விட்டது. ஆனால் இருட்டைப் பார்த்ததும் ஃபோன் தானாக நைட் மோடுக்குப் போனது. நைட் மோட் ஒரே படம் எடுப்பதில்லை. பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைத் தேய்த்து எடுத்துவிடும். செதிலின் ஓரத்தையும் இரைச்சல் என்று நினைத்து அதையும் தேய்க்கும். பாம்பு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் பட்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கல் அழகாக வந்திருந்தது, தொட்டியில் இருந்த சோப்பு நுரைகூடத் தெரிந்தது, பாம்பு மட்டும் தார் பூசிய கயிறு மாதிரி கிடந்தது. பார்ப்பவருக்கு இது நல்ல படம் என்றே தோன்றும். அதனால்தான் நைட் மோட் படத்தை நான் நம்புவதில்லை. கல்லின் சொரசொரப்புத் தெளிவாக இருந்தும் பாம்பு மட்டும் வழவழவென்று வந்திருந்தால், செதில் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் வெளியே நின்று ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் சரியாகுமா? ஆகாது. இந்தப் பாம்புகளின் செதில் பளபளப்பானது. ஃபோனில் ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் போன வழியிலேயே திரும்பி வந்து முதுகில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு போடும். அறுகோணச் செதில் இருக்க வேண்டிய அதே நடுக்கோட்டின் மேலேயே அது விழும். அந்த மினுக்கத்தைப் பட்டை என்று எண்ணி விரியன் என்று பயந்தவர்களும் உண்டு, பட்டையே இல்லை என்று அலட்சியமாக இருந்தவர்களும் உண்டு. வெளிச்சம் வேண்டும், ஆனால் லென்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்து வரக்கூடாது.

பக்கத்து அறை ஜன்னலிலிருந்து தம்பியை டார்ச் அடிக்கச் சொன்னேன். சாய்வாக வந்த அந்த வெளிச்சத்தில் முதுகின் மினுக்கம் ஒரு ஓரமாக ஒதுங்கிவிட்டது. ஃபோனில் ப்ரோ மோடைத் திறந்து ஷட்டரை 1/60 வினாடியில் நிறுத்தினேன். ஐ.எஸ்.ஓ. 800. பாம்பின் மேல் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு, படம் கொஞ்சம் இருட்டாகவே வரட்டும் என்று விட்டேன். இது முக்கியம். கறுப்புப் பாம்பைத் தொட்டதும் தானியங்கிக் கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்சத்தை ஏற்றும், வெள்ளைப் பட்டை வெளுத்து ஓரம் கரைந்துவிடும். ப்ரோ மோட் இல்லாத ஃபோனில் ஃபோகஸ் தொட்ட இடத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். ஜூம் வைக்கவில்லை. 1x-இல் தலை ஒன்று, நடு உடம்பு ஒன்று, வால் ஒன்று என்று எடுத்தேன்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. முதல் பட்டை கழுத்திலேயே இருந்தது, அகலமாக, லேசாக மஞ்சளோடி. வால் பக்கம் பட்டையே மங்கியிருந்தது. முதுகின் நடுவில் பெரிய செதில் வரிசை இல்லை. வெள்ளிக்கோல் வரையன். அந்த லேசான மஞ்சளும் டார்ச் வெள்ளை வெளிச்சமாக இருந்ததால்தான் நிஜமென்று நம்பினேன். தெருவின் சோடியம் விளக்கில் எடுத்திருந்தால் வெள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும், அதில் நிறத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது. படம் உறுதியாகச் சொன்ன பிறகும் யாரையும் தொட விடவில்லை. பாம்பு பிடிப்பவர் வந்து எடுத்துப் போனார்.

பகல் நிழலில் கதை வேறு. மாடிப்படிக்கு அடியில், விறகு அடுக்கின் உள்ளே பாம்பு இருக்க, முற்றத்தில் வெயில் கொளுத்தும். வெயிலுக்கு ஏற்றபடி ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பாம்பு வெறும் நிழலுருவாகும். வெயில் படும் தரை படத்துக்குள் வராதபடி ஃபோனைத் திருப்பி, பாம்பைத் தொட்டு, இந்த முறை சூரியன் குறியை மேலே இழுங்கள். இன்னொருவர் தள்ளி நின்று வெள்ளைத் தெர்மாகோல் பலகையை வெயிலில் பிடித்து, அந்த ஒளியை உள்ளே சாய்த்தால் ஃப்ளாஷே வேண்டாம், மினுக்கமும் வராது. எங்கே நின்றாலும் பாம்புக்கும் நமக்கும் இடையே அதன் நீளத்தைவிட நிறைய தூரம் இருக்கட்டும். கடித்துவிட்டால் படத்துக்காக ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கக் கூடாது. கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்காது, வீங்காது, அதை நம்பி வீட்டில் இருக்கவும் கூடாது. நம் அரசு மருத்துவமனைகளில் போடும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. படம் இல்லாமலே வைத்தியம் தொடங்குவார்கள்.

ரிப்பேர் பற்றியும் மச்சான் கேட்டிருந்தார். கீழே விழுந்து லென்ஸ் மேல் கண்ணாடி உடைந்ததால் கடையில் மாற்றினேன். பகலில் வித்தியாசமே இல்லை. ராத்திரி டார்ச் பட்டால் படம் முழுக்கப் பனிமூட்டம். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள். தெருவிளக்கை எடுத்துப் பார்த்தால் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் எதிர்ப்பக்கம் ஒரு பச்சைப் புள்ளியும் பெரிதாக வந்தன. திரும்பப் போய் நல்லதாக மாற்றினேன். லென்ஸ் மேல் தனியாக ஒட்டும் காப்புக் கண்ணாடியும் இதே வேலையைத்தான் செய்யும், ராத்திரி எடுப்பவர்கள் அதைப் பிய்த்துவிடுங்கள்.

பகல் படத்தைப் பார்த்தால் இதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். ஆனாலும் மச்சானிடம் வாங்காதீங்க என்றுதான் சொன்னேன். சந்தேகம் வரும் பாம்பு பெரும்பாலும் பகலில் வந்து உட்காராது. அந்த மூன்றாவது லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு ப்ரோ மோட் இருக்கிற சாதா ஃபோனும் நல்ல வெள்ளை டார்ச் ஒன்றும் வாங்கினால், ராத்திரி அது இதைவிட நிச்சயமாகச் சொல்லும். எடுத்த படத்தை எனக்கு அனுப்பும்போது வாட்ஸப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்குகிற சுருக்கில் மிஞ்சியிருக்கும் செதிலும் போய்விடும்.