நாலு பேர், ஒரு மாடி வீடு, மாதம் மூன்று தரம் காசு அனுப்பல்: மூன்று வருட அனுபவம்

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு மாடி வீட்டை நாலு பேராக வாடகைக்கு எடுத்து மூன்று வருடம் கடந்துவிட்டது. இப்போது இருப்பது நான், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சுதன், சம்மாந்துறைப் பொடியன் ரிஸ்வான், திருக்கோவிலில் இருந்து வந்து இங்கே படிப்பிக்கும் தயாபரன். நாலு பேருக்கும் வேறு வேறு நாளில் சம்பளம், மூன்று வங்கி. வாடகை ஒருவன் கட்டுவான், கறண்ட் பில் இன்னொருவன், இன்டர்நெட் வேறொருவன். ஆளுக்கு ஆள் எவ்வளவு என்று பிரிக்க ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். யார் யாருக்கு ஏற்கெனவே அனுப்பினான், அது வந்து சேர்ந்ததா என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

முதலில் குளிரூட்டிக்கு மேலே ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. பிறகு ஊரெல்லாம் பாவிக்கிற ஒரு செலவு பிரிக்கும் செயலி. அது நல்ல செயலிதான். ஆனால் சந்தைக்குப் போய் வந்த நாளில் ஆறேழு செலவு பதிய வேண்டியிருக்கும், இலவசப் பதிப்பில் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அது மறித்துவிடும். எட்டு மாதத்தில் கூகுள் ஷீட்டுக்கு வந்தோம். இன்றுவரை அதுதான் ஓடுகிறது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதில் மூன்று பக்கம். ஒன்றில் செலவு: திகதி, என்ன, எவ்வளவு, யார் கட்டினது, யாருக்கு எவ்வளவு பங்கு. Transfers என்று பெயர் வைத்த இரண்டாவதில் நாங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய காசு மட்டும்: திகதி, யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு, கடைசியில் ஒரு டிக் பெட்டி. மூன்றாவது பக்கத்தில் மீதி. ஒவ்வொருவனுக்கும் ஒரு வரி. A நிரலில் அவன் பெயர், B நிரலில் அவன் கட்டினது, C நிரலில் அவன் பங்கு. மற்ற மூன்றும் இப்படி:

```
D2: =SUMIFS(Transfers!D:D, Transfers!B:B, A2, Transfers!E:E, TRUE)
E2: =SUMIFS(Transfers!D:D, Transfers!C:C, A2, Transfers!E:E, TRUE)
F2: =B2-C2+D2-E2
```

D என்பது அவன் அனுப்பியது, E அவனுக்கு வந்தது. F கூட்டலில் நின்றால் அவனுக்கு வர வேண்டும், கழித்தலில் நின்றால் அவன் கொடுக்க வேண்டும். டிக் விழாத வரி கணக்கில் சேராது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன ஒக்டோபர் மாதத்தையே எடுப்போம். வாடகை 36,000 நான் கட்டினேன். கறண்ட் 6,800, கடைச் சாமான் 12,800 இரண்டும் சுதன். தண்ணீர் 1,600, இன்டர்நெட் 4,800 ரிஸ்வான். காஸ் சிலிண்டர் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்த கூலியோடு 4,000, அது தயாபரன். மொத்தம் 66,000, ஆளுக்கு 16,500. எனக்கு 19,500 வர வேண்டும், சுதனுக்கு 3,100 வர வேண்டும். ரிஸ்வான் 10,100 கொடுக்க வேண்டும், தயாபரன் 12,500.

பழைய முறையில் ஒவ்வொரு பில்லுக்கும் மற்ற மூன்று பேரும் தனித்தனியாக அனுப்புவோம். ஆறு பில், பதினெட்டு அனுப்பல். எங்கள் வங்கிகளில் வேறு வங்கிக்கு அனுப்ப ஒவ்வொரு தரமும் 25 ரூபா வெட்டும். அதைவிடப் பெரிய தலையிடி, எந்தக் காசு எந்தப் பில்லுக்கு என்று வங்கிப் பட்டியலில் தேடுவது. இப்போது மூன்றே மூன்று: ரிஸ்வான் எனக்கு 10,100, தயாபரன் எனக்கு 9,400, தயாபரன் சுதனுக்கு 3,100. எனக்கும் ரிஸ்வானுக்கும் ஒரே வங்கி, அதனால் அதற்குக் கட்டணமும் இல்லை. யார் யாருக்கு என்று பொருத்தும்போது ஒரே வங்கிக்காரரை முதலில் சோடி சேர்ப்பது எங்கள் வழக்கம்.

இந்தச் சுருக்கும் முறைக்கு ரிஸ்வானைச் சம்மதிக்க வைக்கத்தான் கஷ்டப்பட்டோம். "கறண்ட் பில் கட்டினவன் சுதன். அவன்ட சல்லிய நான் ஏன் மச்சான் உனக்கு அனுப்பணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். வாடகையில் சுதன் எனக்கு 9,000 தர வேண்டியவன். அவனுக்குப் போக வேண்டியதை நீ எனக்குத் தந்தால் அவன் எனக்குத் தர வேண்டியதில் அது கழியும் என்று ஒரு காகிதத்தில் கீறிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, மறுகா அவன் வந்து என்னட்டக் கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றான். சுதன் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பயம் எல்லாருக்கும் வரும். அதனால் மாதக் கணக்கு மூடும் இரவில் மூன்றாவது பக்கத்தைப் படம் பிடித்து வீட்டு வட்ஸ்அப் குழுவில் போட்டு, நாலு பேரும் "சரி" என்று எழுதின பிறகுதான் காசு அனுப்பத் தொடங்குவோம். அரச சம்பளம் விழுந்த பிறகு, மாதத்தின் 27ஆம் திகதி. முதலாம் திகதி மூடப் பார்த்தோம், சரிவரவில்லை. அந்த நேரம் பாதிப் பேரின் கணக்கில் காசு இராது.

இனி, பிழைகள். முதல் வருடம் எங்களைச் சுற்றவிட்ட பிழை ஒன்று இருக்கிறது. காசு அனுப்பியதைச் செலவாகப் பதிவது. ஒக்டோபர் இலக்கங்களையே வைத்துச் சொல்கிறேன். ரிஸ்வான் எனக்கு 10,100 அனுப்பிவிட்டு, அதை இரண்டாம் பக்கத்தில் போடாமல் முதல் பக்கத்தில் "ரிஸ்வான் கட்டினது 10,100" என்று போட்டு நாலாகப் பிரித்துவிட்டான் என்று வையுங்கள். ஷீட் அதை இன்னொரு பில்லாக எடுத்து எல்லார் தலையிலும் 2,525 ஏற்றிவிடும். முழுக் காசையும் அனுப்பிய ரிஸ்வானுக்கு இன்னும் 2,525 கடன் காட்டும். சுதனுக்கு வர வேண்டிய 3,100 வெறும் 575 ஆகும். தயாபரன் 12,500க்குப் பதில் 15,025 கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் வர வேண்டியது 9,400தான், ஆனால் 16,975 என்று நிற்கும்.

இதில் பொல்லாத விஷயம், நாலு மீதியையும் கூட்டினால் அப்போதும் பூச்சியம்தான் வரும். கூட்டினால் பூச்சியம், ஆகவே கணக்குச் சரி என்று நான் நாலு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனை பங்கு பிரித்ததில் வரும் பிழையைக் காட்டும், இதைக் காட்டாது. இதைப் பிடிக்க வேறு இரண்டு அடையாளம் உண்டு. மாதத்தின் மொத்தச் செலவு காரணமில்லாமல் ஏறியிருக்கும், இங்கே 66,000 போய் 76,100. மற்றது, கொடுக்க வேண்டியதை முழுதாகக் கொடுத்தவனின் மீதி நேராகப் பூச்சியத்துக்கு வராது. காசு வந்ததும் அனுப்பினவனின் வரியைப் பாருங்கள். அங்கே பூச்சியம் இல்லையென்றால் பதிவு இடம் மாறியிருக்கிறது.

அடுத்தது டிக். அதைக் காசு வாங்கினவன்தான் போட வேண்டும், அதுவும் தன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகு. இந்த விதி ஒரு வெள்ளிக்கிழமைச் சண்டைக்குப் பிறகு வந்தது. தயாபரன் பின்னேரம் சுதனுக்குக் காசு போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினான். வெற்றி என்று பச்சை எழுத்தில் இருந்தது. சனி, ஞாயிறு போயும் சுதனுக்கு ஒன்றும் வரவில்லை. "அனுப்பிட்டன் எண்டு படத்தோட போட்டிருக்கன்டா!" "படம் வந்திருக்கு. காசு வரல்ல." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தயாபரனின் வங்கிச் செயலி வேறு வங்கிக்கு அனுப்பும்போது CEFTS, SLIPS என்று இரண்டு வழி கேட்கும். CEFTS உடனே போய்ச் சேரும். SLIPS வங்கி நாட்களில் தொகுதியாகப் போவது, வெள்ளி பின்னேரம் போட்டால் திங்கள்தான். கட்டணம் குறையும் என்று நினைத்து அவன் இரண்டாவதை அமத்தியிருக்கிறான். அது போதாதென்று பட்டியலில் வங்கியின் பெயரையும் மாற்றித் தெரிவு செய்திருக்கிறான். திங்கள் காசு சுதனுக்குப் போகாமல் தயாபரனின் கணக்குக்கே திரும்பி வந்தது. திரும்பினதுக்கு அவனுக்கு எந்தக் குறுஞ்செய்தியும் வரவில்லை, மீதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஸ்கிரீன்ஷொட் காட்டுவது வங்கி உங்கள் கட்டளையை எடுத்துக்கொண்டது என்பதை மட்டும்தான்.

அதற்குப் பிறகு குறிப்புக் கட்டத்தில் OCT25 போல மாதத்தை எழுதுகிறோம். எங்கள் செயலிகள் அதில் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை. மாதம் எழுதாத காசு வீட்டுக் கணக்கில்லை. ஒருமுறை ரிஸ்வான் என்னிடம் வாங்கிய 2,000 ரூபா கைமாற்றைத் திருப்பிப் போட்டபோது, நான் அதை வீட்டுக் காசு என்று நினைத்து டிக் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவன் கொடுக்க வேண்டியதில் 2,000 குறைந்தது, எனக்கு அந்தக் கைமாற்று வராமலே போனது. கைமாற்று, கலியாண மொய், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடித்தது எதுவும் இந்த ஷீட்டுக்குள் வரக்கூடாது.

ஷீட்டால் தீராத இடங்களும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் ரிஸ்வான் ஊருக்குப் போவான், அவனுக்கு மீன் காசு குறைக்க வேண்டுமா என்று நாள் எண்ணிப் பார்த்தோம். இரண்டு வாரத்தில் முட்டைக்குச் சண்டை வந்தது, விட்டுவிட்டோம். சுதன் அறைக்கு ஏசி பூட்டின பிறகு அந்த வயரில் தனி மீற்றர் ஒன்று வைத்தோம். அதிலும் முழுத் தீர்வு இல்லை. வீட்டு மின் கட்டணம் அலகு கூடக்கூடப் படிப்படியாக ஏறுவது, ஏசியின் அலகுகள் எந்தப் படியில் விழுந்தன என்று கேட்டால் அவன் ஒரு பதில் சொல்வான், நாங்கள் மூவரும் வேறு பதில் சொல்வோம். இப்போதைக்குச் சராசரி விலையில் எடுக்கிறோம்.

கடைசியாக, வீட்டை விட்டுப் போகிறவர். தயாபரனுக்கு முன் இருந்த ஆள் மாதக் கடைசியில் கணக்கு மூடி, மீதி பூச்சியம் என்று காட்டி, நாங்கள் பிடித்து வைத்திருந்த முற்பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். அவர் பாவித்த நாட்களின் கறண்ட் பில் அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. பதிந்த செலவுகளுக்குத்தான் அந்தப் பூச்சியம், வராத பில் அதில் இல்லை. போன் எடுத்தோம், பதில் இல்லை. மூன்று பேர் பங்கு போட்டுக் கட்டினோம். இப்போது ஆள் கிளம்பும் அன்று மீற்றரைப் படம் பிடித்து வைப்போம், முற்பணத்தில் 5,000 ரூபாவைக் கடைசிப் பில் வரும் வரை பிடித்து வைப்போம்.

இதை எழுதும்போது ஷீட்டைத் திறந்து பார்த்தேன். தயாபரன் எனக்கு அனுப்பிய இந்த மாதக் காசு இரண்டு நாளாக டிக் இல்லாமல் கிடக்கிறது. போட வேண்டியவன் நான்தான், இன்னும் வங்கிக் கணக்கைப் பார்க்கவில்லை.