ஈரத்துக்கு மூன்று கிலோ: ‘நான்’ சொல்லும் கதையைத் திருத்த மூன்று வழிகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு இலை ஏஜென்ட். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறவர். கதையைச் சொல்வதும் அவர்தான். என் முதல் வரைவில் இப்படிச் சொன்னார்:

“மதியம் மாதியக்கா இலை மூட்டையோடு வந்தார். 28 கிலோ இருந்தது. ஈரத்துக்கு 3 கிலோ கழித்து 25 என்று எழுதினேன். மகளுக்குக் காய்ச்சல் என்றார். டீ கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது.”

‘எழுதினேன்’, ‘கொடுத்தேன்’ என்பதை ‘ஏஜென்ட் எழுதினார்’, ‘ஏஜென்ட் கொடுத்தார்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை. அப்படியென்றால் இந்த ஆள் இன்னும் கதைக்குள் வரவே இல்லை.

முதலில் கைக்கு வருவது பேச்சுமொழி. “பாழாப்போன நாளு. மாதியக்கா வந்து மூட்டைய எறக்குனாங்க. மூணு கிலோ கழிச்சேன். என்ன பண்றது, நம்ம பொழப்பு அப்படி.” குரல் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் இந்தச் சலிப்பு எந்த ஏஜென்டுக்கும் பொருந்தும். இவருக்கு மட்டுமான பார்வை எதுவும் இதில் இல்லை. பேச்சுமொழி சட்டை மாதிரி. உள்ளே ஆள் இருந்தால்தான் அது நிற்கும்.

இரண்டாவது, ஒப்புக்கொள்ள வைப்பது. “கழித்தது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் மேலே கணக்குக் காட்ட வேண்டுமே.” கதை நடந்து இருபது வருடம் கழித்து, வயதானவராக அவர் திரும்பிப் பார்க்கிறார் என்றால் இதையே எடுத்துக்கொள்வேன். அன்று சாயங்காலமே சொல்கிறார் என்றால் எடுபடாது. தன் குறையை இவ்வளவு தெளிவாகப் பார்க்கிறவருக்குக் குருட்டுப்புள்ளி ஏது? வாசகர் கண்டுபிடிக்கவும் ஒன்றும் மிஞ்சாது.

நான் வைத்துக்கொண்டது மூன்றாவது வழி. அவர் தன்னை நல்லவர் என்று நம்பட்டும். அந்த நல்லதனத்தைச் சொல்லும்போதே அவருக்கு எதிரான சாட்சியும் வெளியே வரட்டும்.

“மாதியக்கா மூட்டையை மாட்டியதும் முள் 28-ல் நின்றது. ஈரத்துக்கு மூன்று போக 25. மற்ற இடத்தில் நாலு கழிப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. மகளுக்குக் காய்ச்சலாம், சீக்கிரம் போக வேண்டுமாம். இங்கே யாருக்குத்தான் அவசரமில்லை? இருந்தாலும் டீ வாங்கிவரச் சொன்னேன். வெயில் சுட்டது. பாவம், நிழலில் தள்ளி நில்லுங்கள் அக்கா என்றேன். இதையெல்லாம் எத்தனை பேர் கவனிப்பார்கள்? டீயைத் தொடாமலே போய்விட்டார். ஆறிப்போனதை நானே குடித்தேன்.”

வெயில் சுடுகிற மதியத்தில் ஈரத்துக்குக் கழிவு ஏது? மழைக்காலத்தில் இலையோடு தண்ணீரும் எடையில் ஏறும். அதற்காகக் கழிப்பதில் அர்த்தம் உண்டு. இவருக்கு அது வருடம் முழுக்கப் பழக்கமாகிவிட்டது. வெயிலையும் கழிவையும் இவரே சொல்கிறார், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்ப்பது வாசகரின் வேலை.

இதில் தமிழ் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் வரைவில் ‘காய்ச்சல் என்றார்’. இப்போது ‘காய்ச்சலாம்’, ‘போக வேண்டுமாம்’. சொல்லின் கடைசியில் ஒட்டும் இந்த ‘ஆம்’ கேட்டதைச் சொல்கிறேன் என்று மட்டும்தான் காட்டும். அடுத்தடுத்து இரண்டு வந்து, பின்னால் ‘யாருக்குத்தான் அவசரமில்லை’ என்ற கேள்வியும் சேரும்போது அவநம்பிக்கை ஆகிவிடுகிறது. அதே ஆள் ‘அக்கா’ என்கிறார், ‘நில்லுங்கள்’ என்கிறார். மரியாதையில் குறை வைக்காமலே எடையில் குறைக்கிற மனிதர் என்பது இப்படித்தான் தெரியவருகிறது. ‘சங்கடமாக இருந்தது’ என்ற வரியை எடுத்துவிட்டேன். அது இருந்தால் அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது என்றாகும்.

இந்த வழி சறுக்குவது பெரும்பாலும் கழிவுக்கும் சாட்சிக்கும் நடுவே விடுகிற தூரத்தில். முதலில் வெயிலைக் கழிவுக்கு அடுத்த வாக்கியத்திலேயே வைத்திருந்தேன். படித்த நண்பர் உடனே, “இங்கே நீங்கள் கண் காட்டுகிறீர்கள்” என்றார். ஐந்தாறு வாக்கியம் தள்ளி, அவர் தன் கரிசனத்தைச் சொல்கிற இடத்தில் வைத்ததும் சரியானது. அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தால் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சோதிக்க ஒரே கேள்வி போதும். படித்தவரிடம் “மூன்று கிலோ ஏன் கழிந்தது?” என்று கேளுங்கள். “இலை ஈரமாக இருந்தது” என்று பதில் வந்தால் சாட்சி கண்ணில் படவில்லை. “அவன் திருடன்” என்று பட்டென வந்தால் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, ஒரு வரி குறைக்க வேண்டும். என் நண்பர் இரண்டாம் முறை படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், “அன்றைக்கு மழையே இல்லையே?” என்றார்.