டார்ச் பல்பா, எல்.இ.டி.யா? ஆறாம் வகுப்பு மின்னியலுக்கு எதை எடுப்பது

ஆறாம் வகுப்பு மின்னியலை 5E முறையில் நடத்தத் திட்டம் எழுதுகிறவர்கள் முதலில் தடுமாறுவது பொருளில்தான். ரோட்ஜர் பைபீ தலைமையில் அமெரிக்காவின் BSCS என்ற அறிவியல் பாடத்திட்ட நிறுவனம் 1987-இல் உருவாக்கிய கற்பித்தல் சுழற்சி இது. ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படிகள். மதுரையில் டார்ச் எல்லாம் எல்.இ.டி.க்கு மாறிவிட்டதால் பழைய இழை பல்பு தேடி அலைய வேண்டியிருக்கிறது. எல்.இ.டி. சில ரூபாயில் கிடைக்கிறது. அப்படியானால் பல்பை விட்டுவிடலாமே என்று தோன்றும். முழுக்க விட்டுவிட்டால் ஆராய்தல் படி கெட்டுப்போகும்.

ஈடுபடுத்தலுக்கு ஐந்து நிமிடமும் ஒரே கேள்வியும் போதும்: ஒரு செல், ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர். ஹோல்டர் கிடையாது. எப்படி எரிய வைப்பீர்கள்? பொருளைக் கொடுப்பதற்கு முன்பே வரையச் சொல்ல வேண்டும். செல்லின் மேல்முனையிலிருந்து பல்பின் அடிக்கு ஒரு கோடு மட்டும் போட்டு முடிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரு வழி போதும் என்ற எண்ணம் அது.

ஆராய்தலில் அந்தப் படத்தை அவர்களே செய்து பார்க்கிறார்கள், எரியாது. ஒரு பையன் சொல்வான்: “சார், செல்லோட ரெண்டு பக்கமும் ஒயர் தொட்டுத்தான் இருக்கு, எரியலையே.” அவன் செல்லின் இரு முனையையும் ஒயரால் நேராக இணைத்திருப்பான். ஒயர் சுடும், செல் தீரும், உடனே எடுக்கச் சொல்லுங்கள். பல்பிலும் தொட வேண்டிய இடம் இரண்டு, அடிமுனையும் பக்கவாட்டு உலோகமும், என்று கண்டுபிடிக்கும்போதுதான் பாடம் திறக்கிறது. பல்பில் எந்த இடம் செல்லின் எந்த முனையைத் தொட்டாலும் சுற்று மூடினால் எரியும். அப்படி நான்கு அமைப்புகள் உண்டு, நான்கும் சரி.

இதே இடத்தில் எல்.இ.டி. கொடுத்துப் பாருங்கள். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும், 1.5 வோல்ட் செல் ஒன்றால் எரியாது. இரண்டு செல் வைத்தாலும் நீண்ட கால் நேர்முனைப் பக்கம் இல்லாவிட்டால் எரியாது. மூடிய சுற்றைச் சரியாகக் கட்டிய பிள்ளைக்கும் இருட்டுத்தான் பதில். தன் யோசனை தவறு என்று அவள் முடிவு கட்டுவாள். ஆராய்தலில் பொருள் பொய் சொல்லக் கூடாது.

இன்னொரு தொல்லை, மோட்டார் காயில் கம்பி. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பம்புசெட் காயில் கட்டும் கடைகளில் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். பார்க்க வெறும் செம்பு மாதிரி இருந்தாலும் மேலே வார்னிஷ் பூச்சு இருக்கிறது. இரு முனையையும் உப்புத்தாளால் தேய்க்காமல் கொடுத்தால் எந்த அமைப்பும் எரியாது.

விளக்கலிலும் பல்புக்குத்தான் என் ஓட்டு. முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், இரண்டாவது மங்கும் என்று பலர் நினைப்பார்கள். இரண்டு செல்லோடு இரண்டு பல்பைத் தொடராக இணைத்தால் இரண்டும் ஒரே அளவு மங்கலாக எரிகின்றன. பல்புகள் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். திறன் வேறுபட்டால் ஒன்று கூடுதலாக எரிந்து, தவறான கருத்துக்கே சாட்சி சொல்லும். எல்.இ.டி. இரண்டைத் தொடரில் போட்டால் 3 வோல்ட்டில் பெரும்பாலும் எதுவுமே தெரியாது.

விரிவாக்கலில் நிலைமை தலைகீழ். கடத்திகளைச் சோதிக்கும் படி அது. ஆணி, சாவி, ரப்பர், சீப்பு வரை இரண்டு விளக்கும் ஒரே பதில் சொல்லும். பென்சில் கூரில் பிரிந்துவிடும். டார்ச் பல்பு நன்றாக எரிய 300 மில்லிஆம்பியர் அளவு வேண்டும். கிராஃபைட் குச்சியின் சில ஓம் மின்தடையே அதை மங்கச் செய்யும், சமயத்தில் அணைத்தும் விடும். இரண்டு செல்லும் 100 ஓம் மின்தடையும் சேர்த்த சிவப்பு எல்.இ.டி. சுமார் 10 மில்லிஆம்பியரில் எரிகிறது. பென்சில் கூர் நடுவே வந்தாலும் வித்தியாசம் தெரியாது. டம்ளர் உப்புத்தண்ணீரில் இரண்டு ஆணி வைத்தால் பல்பு செத்துக் கிடக்கும், எல்.இ.டி. லேசாக மின்னும். பல்பை மட்டும் நம்பினால் உப்புத்தண்ணீர் கடத்தாது என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிற வீடுகளில் அந்த விடை ஆபத்து.

அதனால் முதல் பாடவேளைக்கு டார்ச் பல்பு, அடுத்ததற்கு எல்.இ.டி. என்று பிரித்துக்கொள்வதே என் தேர்வு. பல்பு குறைவாகக் கிடைத்தால் நால்வருக்கு ஒன்று வைத்து ஓட்டலாம், எல்.இ.டி. வகுப்புக்கு இரண்டு இருந்தாலே போதும். மதிப்பிடலுக்குத் தனிச் சோதனை தேவையில்லை. முதல் நாள் படத்தைத் திருப்பிக் கொடுத்து, பல்புக்கு உள்ளே இழை வரை மின்பாதையை வேறு நிற மையில் போடச் சொல்லுங்கள். அடிமுனையில் நுழைந்து இழை வழியே பக்கவாட்டில் வெளியேறுகிறதா, அல்லது பல்பின் வாசலிலேயே கோடு நின்றுவிட்டதா என்று பார்த்து மதிப்பெண் போடலாம்.