முப்பத்தாறாவது பயணம்: மாதப் பாஸா, டிக்கெட்டா?

மாதப் பாஸ் எடுக்கும் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். மாதத்துக்கு 22 வேலை நாள், போக ஒன்று வர ஒன்று, அதை டிக்கெட் விலையால் பெருக்கு. வரும் தொகை பாஸ் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் பாஸ் லாபம். நானும் பல மாதங்கள் இப்படித்தான் வாங்கினேன். பிறகு ஒரு மாதம் பாஸ் எடுக்காமல், ஏறிய ஒவ்வொரு வண்டியையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோதுதான் அந்தப் பெருக்கலில் பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அதில் இருந்த 22 நாள் நாட்காட்டியின் நாள். நான் உண்மையில் பயணம் செய்த நாள் அதுவல்ல.

கணக்கைக் காட்ட ஓர் எளிய விலைப்பட்டியலை வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, விகிதம்தான் முக்கியம். வீட்டிலிருந்து நிலையம் வரை பஸ், அங்கிருந்து ரயில். பஸ் டிக்கெட் 12, ரயில் டிக்கெட் 20. முன்பணம் ஏற்றிய பயண அட்டையில் தட்டினால் இரண்டிலும் 10 சதவீதம் தள்ளுபடி. அதாவது பஸ் 10.80, ரயில் 18. ரயிலுக்கு மட்டும் 30 நாள் பாஸ் 640. பஸ், ரயில் இரண்டும் சேர்ந்த பாஸ் 1000.

பழைய முறைப்படி ஒரு நாளைக்கு 64, அதை 22 ஆல் பெருக்கினால் 1408. சேர்ந்த பாஸ் 1000. கையில் 408 மிச்சம். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். பாஸ் விற்பவர்களும் ‘ஒரு நாளைக்கு 33 மட்டுமே’ என்று எழுதி வைப்பார்கள். 1000ஐ 30 ஆல் வகுத்த எண் அது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் படுத்திருக்கும் நேரத்தையும் பயணமாகக் கணக்கில் சேர்த்தால்தான் அந்த எண் வரும்.

இப்போது நோட்டைப் பார்ப்போம். 22 வேலை நாளில் ஒன்று பொது விடுமுறை. மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு நாள் காய்ச்சல். அலுவலகம் போனது 16 நாள். ரயிலில் 32 பயணம் வந்திருக்க வேண்டும். இரண்டு மாலைகள் உடன் வேலை செய்பவர் தன் வண்டியில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார், ஆகவே 30. பஸ்ஸிலும் அந்த இரண்டு மாலைகள் கழிந்தன. அது போக, ஆறு காலைகளில் நிலையத்துக்கு நடந்தே போயிருக்கிறேன். எனவே பஸ் 24. வார இறுதியில் சொந்த வேலையாக நான்கு முறை பஸ் ஏறியதையும் சேர்த்தால் 28.

இந்த எண்ணிக்கையை விலையால் பெருக்கிக் கூட்டினால், தனித்தனி டிக்கெட்டுக்கு 936, அட்டையில் தட்டியிருந்தால் 842.40. சேர்ந்த பாஸ் எடுத்திருந்தால் 408 லாபம் என்று நினைத்த மாதத்தில் உண்மையில் 157.60 நட்டம். ஒரு காய்ச்சலும் ஆறு காலை நடையும் மூன்று நாள் வீட்டு வேலையும் சேர்ந்து கணக்கைத் தலைகீழாக்கிவிட்டன.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பாஸை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. முழு விலை டிக்கெட்டோடு ஒப்பிட்டால் பாஸ் எப்போதும் கொஞ்சம் அழகாகத் தெரியும். ஆனால் பாஸ் இல்லாத மாதத்தில் யார் முழு விலை கொடுக்கப் போகிறார்கள்? அட்டை இருந்தால் அட்டைதான். ரயில் பாஸ் 640ஐ முழு விலையான 20 ஆல் வகுத்தால் 32 பயணத்தில் முதல் திரும்புகிறது. அட்டை விலையான 18 ஆல் வகுத்தால் 35.6. பயணத்தில் பாதி கிடையாது, ஆகவே 36. அந்த முப்பத்தாறாவது பயணத்தில்தான் பாஸ் சம்பாதிக்கத் தொடங்குகிறது. போக வர என்று பார்த்தால் 18 நாள்.

இந்த ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மாதா மாதம் பெருக்கிக் கூட்ட வேண்டியதில்லை. பாஸ் விலையை, பாஸ் இல்லாவிட்டால் ஒரு பயணத்துக்கு நீங்கள் கொடுக்கும் மிகக் குறைந்த விலையால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். விலை மாறும்வரை அந்த எண் மாறாது.

சேர்ந்த பாஸுக்கு இதைப் போடும்போதுதான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் அது இரண்டு பொருளை ஒரே பொட்டலத்தில் கட்டி விற்பது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரயில் பாஸ் 640, சேர்ந்த பாஸ் 1000, இடைவெளி 360. ரயில் பாஸ் எடுக்கத் தகுந்த மாதம் என்றால், மீதி 360 பஸ்ஸுக்காக மட்டுமே கொடுப்பது. அதை 10.80 ஆல் வகுத்தால் 34 பஸ் பயணம். காலையில் நடக்கும் பழக்கம் உள்ளவனுக்கு 34 எட்டுவது கடினம்.

நோட்டில் இரண்டாவது மாதமும் குறித்தேன். அந்த மாதம் 21 நாள் போனேன், ரயில் 42. பஸ்ஸில் 14 காலைகள் நடந்ததைக் கழித்து, வார இறுதியில் இரண்டைச் சேர்த்து 30. இரண்டு மாதத்தையும் நான்கு வழிகளிலும் வைத்துப் பார்த்தால் இப்படி வருகிறது:

| வழி | முதல் மாதம் | இரண்டாம் மாதம் |
|---|---|---|
| தனித்தனி டிக்கெட் | 936 | 1200 |
| எல்லாம் அட்டையில் | 842.40 | 1080 |
| ரயில் பாஸ், பஸ்ஸுக்கு அட்டை | 942.40 | 964 |
| சேர்ந்த பாஸ் | 1000 | 1000 |

முதல் மாதம் அட்டை வென்றது. இரண்டாம் மாதம் வென்றது, நான் அதுவரை ஒருமுறைகூட யோசித்திராத கலவை. சேர்ந்த பாஸ் இரண்டு மாதத்திலும் வெல்லவில்லை. நான் மாதா மாதம் வாங்கியதோ அதைத்தான்! கலவைக்கும் சேர்ந்த பாஸுக்கும் இரண்டாம் மாதத்தில் வித்தியாசம் 36 மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தொகைக்காக ஒவ்வொரு முறையும் அட்டை இருப்பைப் பார்த்து நிரப்பும் தொல்லை வேண்டாம் என்று ஒருவர் சேர்ந்த பாஸையே எடுத்தால், அவரோடு நான் வாதாட மாட்டேன்.

நோட்டில் எதைக் குறிப்பது என்பதிலும் தவறு நுழைகிறது. பாஸ் கையில் இருக்கும் மாதத்தில் குறித்தால் எண் வீங்கிவிடும். பாஸ் இருக்கிறதே என்று ஒரு நிறுத்தத்துக்குக்கூட ஏறுவோம்; மழை தூறினால் ஏறுவோம்; எதிரே வந்து நின்றால் ஏறுவோம். அவற்றையெல்லாம் முழு விலையில் பெருக்கி ‘பார், எவ்வளவு மிச்சம்’ என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. காசு கொடுக்க வேண்டியிருந்தாலும் ஏறியிருப்பேனா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் கோடு போட வேண்டும். அதே போல, பாஸ் செல்லாத வழித்தடத்துப் பயணங்களை இரண்டு பக்கத்திலும் விட்டுவிடலாம். எந்த வழியை எடுத்தாலும் அவற்றுக்குத் தனியாகக் காசு கொடுக்கத்தான் போகிறோம்.

சில ஊர்களில் அட்டையைத் தட்டி இறங்கி, குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் அடுத்த வண்டியில் ஏறினால் இரண்டாவது இலவசம் அல்லது குறைந்த விலை. அங்கே பயணங்களை எண்ணினால் தப்பாகிவிடும். அட்டையின் கணக்கு விவரத்தை எடுத்து, கழிக்கப்பட்ட தொகைகளையே கூட்டுங்கள். இன்னும் சில இடங்களில் உச்சவரம்பு வைத்திருப்பார்கள்: ஒரு வாரத்திலோ மாதத்திலோ இவ்வளவு செலவானதும் அதற்குமேல் கழிக்க மாட்டார்கள். மாத வரம்பு பாஸ் விலையை ஒட்டி இருந்தால் முன்கூட்டியே பாஸ் எடுக்கக் காரணமே இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: காலையில் அட்டை, மாலையில் கைப்பேசி என்று மாற்றித் தட்டினால் பல அமைப்புகளில் அவை இரண்டு தனிப் பயணிகளாகவே எண்ணப்படும், வரம்பு இரண்டிலும் எட்டாது.

முடிவை மாதம் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும் என்பதுதான் உண்மையான கஷ்டம். போன மாதத் தொகையை அப்படியே அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. நோட்டிலிருந்து பழக்கத்தை எடுங்கள், நாட்காட்டியிலிருந்து நாளை எடுங்கள். என் இரண்டு மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால், போன ஒவ்வொரு நாளுக்கும் ரயில் பயணம் ஏறத்தாழ 1.9. அடுத்த 30 நாளில் 19 நாள் போவேன் என்று தெரிந்தால் 36 வருகிறது, சரியாக விளிம்பில். விளிம்பில் நிற்கும்போது நான் அட்டைப் பக்கம் சாய்கிறேன். ஒரு வாரம் படுத்துவிட்டால் பத்துப் பயணம், அதாவது 180 போய்விடும்; ஆனால் திட்டமிட்டதைவிடப் பத்துப் பயணம் கூடுதலாகப் போகும் வாய்ப்பு எனக்கு வருவதே இல்லை. அட்டையில் மிஞ்சும் இருப்பாவது அடுத்த மாதத்துக்குத் தங்கும்.

பாஸ்தான் என்று முடிவானால், எந்த நாளில் தொடங்குவது என்று பார்க்க வேண்டும். நாட்காட்டி மாதத்துக்கு இல்லாமல், வாங்கிய நாளிலிருந்து 30 நாள் செல்லும் பாஸ் என்றால் இது பெரிய விஷயம். 30 நாள் என்பது நான்கு வாரமும் இரண்டு நாளும். நான்கு வாரத்தில் வேலை நாள் எப்போதும் 20. மீதி இரண்டு நாள் எவை என்பதைத் தொடங்கும் கிழமைதான் தீர்மானிக்கிறது. சனிக்கிழமை தொடங்கினால் அவை சனியும் ஞாயிறும், கிடைப்பது 20. வெள்ளி அல்லது ஞாயிறு என்றால் 21. திங்களிலிருந்து வியாழனுக்குள் எந்த நாளில் தொடங்கினாலும் 22. முதல் திரும்ப 18 நாள் வேண்டும் என்னும்போது, சனிக்கிழமை தொடங்கியவர் இரண்டே நாள் தவறலாம். திங்களன்று தொடங்கியவருக்கு நான்கு நாள் இருக்கிறது. பழைய பாஸ் வியாழனோடு முடிந்தால் வெள்ளிக்கிழமையை அட்டையில் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை முதல் ரயிலுக்கு முன்தான் புதிய பாஸை வாங்குகிறேன்.