ஒன்பது மாதம் போட்ட கறுப்பு டெர்பி ஷூ: அளவும் தேய்மானமும்

கறுப்புத் தோல் டெர்பி, யூகே 8, ஆம்பூர்ப் பக்கம் தைத்தது, விலை மூவாயிரம் ரூபாயை ஒட்டி. வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், போக வர கியர் பைக், நடுவில் ஒரு மழைக்காலம் என்று ஒன்பது மாதம் உழைத்திருக்கிறது. பிராண்டு பெயர் இங்கே முக்கியமில்லை. மேலே பூச்சு போட்ட தோல், கீழே டிபிஆர் எனும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் வார்த்துப் பசையால் ஒட்டிய சோல் என்ற இதே அமைப்பில் இந்த விலைக்குப் பல ஷூக்கள் விற்கின்றன. இதில் வந்த குறைகளில் பெரும்பாலானவை அவற்றிலும் வரும்.

நிலவரம் இதுதான்: மேல்தோலும் தையலும் நன்றாகத் தாங்கியிருக்கின்றன. சோல் ஒட்டு ஓர் இடத்தில் விட்டுவிட்டது. வலது ஷூவில் மட்டும் குதிகால் உள்துணி கிழிந்திருக்கிறது. ஒரே ஜோடியில் ஒன்று கிழிந்து மற்றது புதிதுபோல் இருந்தால் துணியைக் குறை சொல்ல முடியாது. காரணம் அளவில் இருக்கிறது.

அளவு

இரண்டு பாதமும் ஒரே நீளமாக இருப்பவர்கள் குறைவு. இந்த ஷூவைப் போட்ட பாதங்களில் இடது 26.4 செ.மீ., வலது 26 செ.மீ. அளப்பது எளிது. மாலையில், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சாக்ஸ் போட்டுக்கொண்டு சுவரில் குதிகால் படும்படி ஒரு தாளின் மேல் நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். நீண்டிருக்கும் விரலின் நுனியில் கோடு போட்டு அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்ப ஷூ எடுக்க வேண்டும். இங்கே இடது பாதத்துக்கு 8 சரியாக இருந்தது. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் மீதி. வலது பாதத்துக்கு அதே 8 கொஞ்சம் தளர்வு. அந்த 4 மி.மீ. தளர்வுதான் பிற்பாடு உள்துணியைத் தின்றது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் அடிக்கடி வருகிறது. பாதத்தின் முன்பகுதி அகலமாக இருப்பவர்களுக்கு நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் அழுந்தும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎல்ஆர்ஐ நாடு முழுக்க லட்சம் பேருக்கு மேல் பாதத்தை அளந்து பார்த்ததில், இந்தியப் பாதங்கள் மேற்கத்திய அளவுகளைவிட அகலம் என்றுதான் வந்தது. கடையில் இப்படிப் பிடிக்கும்போது 'ஒரு சைஸ் பெரிசாப் போட்டுக்குங்க சார்' என்பார்கள். அது தவறான தீர்வு. யூகே கணக்கில் ஒரு சைஸ் கூடினால் நீளம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. கூடும். அகலமோ 2 மி.மீ. அளவுக்குத்தான் கூடும். கொஞ்சம் அகலத்துக்காக இவ்வளவு நீளத்தை வாங்கிக்கொண்டால், ஷூ மடிய வேண்டிய இடமும் பாதம் மடியும் இடமும் ஒன்றாக இருக்காது. மடிப்பு விரல்களின் மேலே விழுந்து குத்தும், குதிகால் ஒவ்வொரு அடிக்கும் எழும்பும். அகலப் பாதம் உள்ளவர்கள் அதே சைஸில் அகல வார்ப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதே சரி. அட்டையில் சைஸ் எண்ணுக்குப் பக்கத்தில் அகல எழுத்து போட்டிருப்பார்கள். யூகே முறையில் ஆண்களுக்குப் பல பிராண்டுகளில் எஃப் சாதாரணம், ஜி அதைவிட அகலம்.

டெர்பி அமைப்பு இந்த விஷயத்தில் கைகொடுக்கிறது. லேஸ் துளைகள் உள்ள இரண்டு இறக்கைகளும் மேலே தனியாகத் தைத்திருப்பதால் புறங்கால் உயரமானவர்களுக்கும் விரிந்து கொடுக்கும். புதிதில் லேஸ் கட்டியபின் இறக்கைகளுக்கு நடுவே 12 மி.மீ. இடைவெளி இருந்தது. தோல் இளகி இப்போது 5 மி.மீ. ஆகியிருக்கிறது. இதனால்தான் வாங்கும் நாளிலேயே இறக்கைகள் முட்டிக்கொண்டு நிற்கும் ஷூவை எடுக்கக் கூடாது. நாலைந்து மாதத்தில் இறுக்கிக் கட்ட இடமே இருக்காது. தோல் அகலவாக்கில் மட்டும்தான் இளகும். முனையிலும் குதிகாலிலும் உள்ளே விறைப்பான தகடு வைத்திருப்பதால் நீளத்தில் ஒரு மி.மீ. கூடக் கொடுக்காது. 'போடப் போட சரியாயிடும்' என்பது விரல் நுனி இடிக்கும் ஷூவுக்குப் பொருந்தாது.

குதிகால் உள்துணி

புது ஷூவில் குதிகால் சிறிது எழும்புவது இயல்பு. சோல் மடிந்து பழகாததால் அப்படி இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். இடது அடங்கியது, வலது அடங்கவில்லை. நாலாம் மாதத்தில் வலது உள்துணியில் பிசிறு, ஆறாம் மாதத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கிழிந்து உள்ளே இருக்கும் நுரை தெரிந்தது. இதைப் பார்த்ததும் பலர் குதிகாலில் ஒட்டும் பட்டையை வாங்கி ஒட்டுகிறார்கள். அது பாதத்தை முன்னால் தள்ளி விரல்களுக்கு இருக்கும் இடத்தைக் குறைக்கும், வியர்வையில் கழன்று சுருண்டும் விடும். ஷூவின் நாக்குப் பகுதிக்கு அடியில் 3 மி.மீ. பஞ்சுத் துண்டு ஒட்டுவது இதைவிட நல்லது. அது புறங்காலை மேலிருந்து அழுத்திப் பாதத்தைக் குதிகால் பக்கம் பின்னுக்குத் தள்ளும். வலது ஷூவில் மட்டும் இதைச் செய்தபின் எழும்புவது நின்றது. கிழிந்த இடத்தில் செருப்புத் தைப்பவர் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு வைத்து மேல் விளிம்பில் தைத்துத் தருவார். வெறும் பசையில் ஒட்டினால் ஓரம் சுருண்டு காலைக் கடிக்கும்.

மேல்தோல்

இந்த விலைக்கு வரும் தோல் பெரும்பாலும் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்து மேலே நிறப்பூச்சு ஏற்றியது. பார்க்க ஒரே சீராகப் பளபளக்கும். விரல் மடியும் இடத்தில்தான் அதன் குணம் தெரியும். பூச்சு தோல் அளவுக்கு வளையாது, அதனால் மடிப்பில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் விழும். ஒன்பது மாதத்தில் இங்கே விழுந்தவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகின்றன. டப்பாவில் வரும் மெழுகுப் பாலிஷை வாரம் ஒருமுறை, அதுவும் பழைய தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டபின் மெல்லிசாகப் பூசியதே காரணம் என்று நினைக்கிறேன். ஸ்பாஞ்சோடு வரும் திரவப் பாலிஷ் மேலே இன்னொரு படலம் போடும். இருக்கும் பூச்சே வளைய மாட்டேன் என்கிறபோது அதன்மேல் இன்னொன்றை ஏற்றினால் வெடிப்பு சீக்கிரம் வரும்.

கியர் பைக் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இடது ஷூவின் மேல்பகுதி, கட்டைவிரல் கணுவுக்கு மேலே. கியர் லீவரைக் கீழிருந்து தூக்கித் தூக்கி அங்கே பூச்சு முழுக்கப் போய்ச் சாம்பல் நிறத்தில் தோல் தெரிகிறது. பாலிஷ் போட்டால் ஒரு நாளுக்கு மறையும், அவ்வளவுதான். கறுப்பு நிறமி சேர்ந்த ஷூ கிரீம் தடவினால் சில வாரம் நிற்கிறது. முன்னும் பின்னும் நீண்ட லீவர் உள்ள வண்டியாக இருந்தால் கியர் மாற்ற முன்பக்கத்தைத் தூக்காமல் பின்பக்கத்தைக் குதிகாலால் மிதிப்பது நல்லது. இல்லாவிட்டால் லீவர் முனையில் இருக்கும் ரப்பர் தேய்ந்து இரும்பு வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடலாம். செலவு மிகக் குறைவு. ஸ்கூட்டர்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சோல்

டிபிஆர் ஈரத் தரையிலும் நன்றாகப் பிடிக்கிறது. பாலியூரித்தேன் எனும் பியூ சோல் போல் பெட்டியில் வைத்திருக்கும்போதே ஈரக்காற்றில் பொடிந்து உதிராது. ஆனால் கனம் கூடுதல், தேய்மானமும் வேகம். குதிகாலின் வெளிப்புறப் பின்மூலையில் 4 மி.மீ. போயிருக்கிறது. பெரும்பாலானோர் அந்த மூலையைத்தான் முதலில் தரையில் வைப்பார்கள், ஆகவே இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு தேயவிடலாம் என்பது முக்கியம். இந்த வகை சோலின் குதிகால் உள்ளே தேன்கூடு போல் வெற்றிடம் வைத்து வார்ப்பார்கள். விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் கேட்கும். அடிச்சுவர் தேய்ந்து அந்த வெற்றிடம் திறந்துகொண்டால் தண்ணீர் உள்ளே போகும், ஆணியும் பிடிக்காது. எனவே 5 மி.மீ.க்கு முன்பே அந்த மூலையைச் சமமாகச் சீவி ரப்பர் துண்டு ஒட்டச் சொல்ல வேண்டும்.

ஒட்டு விட்டது மழைக்காலத்தில், இடது ஷூவின் வெளிப்புறம், சோல் மடியும் இடத்தில். தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஷூவைக் கையால் வளைத்துப் பிடித்து விசிட்டிங் கார்டின் மூலையை விளிம்பில் ஓட்டிப் பார்த்தால் எங்காவது உள்ளே நுழையும். கார்டு 5 மி.மீ. உள்ளே போனால் உடனே சரிசெய்ய வேண்டும். விட்டால் மண் புகுந்து, மறுபடி ஒட்டவே விடாது.

வீட்டில் உடனடி பசை போட்டு ஒட்டுவது வீண். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகி அடுத்த நாள் நடையிலேயே விட்டுப்போகும். செருப்புத் தைப்பவரிடம் கொடுக்கும்போதும் நின்று பார்ப்பது நல்லது. பழைய பசையை உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்தெடுக்க வேண்டும். பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டி அனுப்பினால் நிற்காது. டிபிஆரில் சாதாரணப் பசை அவ்வளவாகப் பிடிக்காது என்பதால் ஒட்டியபின் ஓரம் முழுக்க மெழுகு நூலில் சைடு தையல் போட்டுவிடுவது பாதுகாப்பு. இந்த ஜோடியின் ஓரத்தில் தையல் போலத் தெரிவது வார்ப்பிலேயே வந்த அலங்காரம். வாங்கும்போது நகத்தால் நெருடிப் பார்த்தால் நூலா அச்சா என்று தெரிந்துவிடும்.

நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றி, பக்கவாட்டில் சாய்த்து மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், ஒட்டும் இளகும்.

யார் வாங்கலாம்

நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை, கொஞ்ச நடை, புறங்கால் உயரம் என்றால் கொடுத்த காசுக்கு இது நல்ல ஷூ. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இதன் கனம் மாலையில் தெரியும். உள்ளே இருக்கும் இன்சோல் நுரையும் ஐந்தாம் மாதத்திலேயே குதிகாலுக்குக் கீழே தட்டையாகிவிட்டது. மாற்றுவதானால் பழையதன் தடிமனிலேயே எடுக்க வேண்டும். தடிமன் கூடினால் குதிகால் மேலே எழும்பி, ஷூவின் பிடி தளர்ந்து, உள்துணி மறுபடி தேயத் தொடங்கும்.