“தகுந்த நடவடிக்கை” என்று எழுதிய நோட்டீஸும் “கருப்புப் பட்டியல்” என்று எழுதிய நோட்டீஸும்

அரசு விடுதிக்குத் துவரம்பருப்பு சப்ளை செய்கிற ஒரு கான்ட்ராக்டர். மூட்டைகளில் எடை குறைகிறது. அவருக்கு இரண்டு விதமாக ஷோகாஸ் நோட்டீஸ் அனுப்பலாம்.

முதலாவது: “தாங்கள் ஒப்பந்த நிபந்தனைகளை மீறியுள்ளீர்கள். தங்கள் மீது ஏன் தகுந்த நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு 15 நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.”

இரண்டாவது: “12-ஆம் தேதி வந்த 40 மூட்டைகளில் 6 மூட்டைகள் 50 கிலோவுக்குப் பதில் 47 கிலோ மட்டுமே இருந்தன. எடைப் பதிவேட்டின் நகல் இணைப்பில் உள்ளது. இது நிபந்தனை 14-க்கு முரண். வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்யவும், தங்களை 2 ஆண்டுகளுக்குக் கருப்புப் பட்டியலில் சேர்க்கவும் உத்தேசிக்கப்பட்டுள்ளது.”

முதலாவதை எழுத ஐந்து நிமிடம் போதும், அதனால்தான் அலுவலகங்களில் அது அதிகம். ஆனால் வாங்குகிறவர் அதற்கு என்ன பதில் எழுதுவார்? எந்த லோடு, எந்த மூட்டை என்றே தெரியாது. “நாங்கள் எதையும் மீறவில்லை” என்று ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான். இரண்டாவது கையில் கிடைத்தால் லாரி எடைச் சீட்டைத் தேடி எடுப்பார். எடை குறைந்தது உண்மையே என்றாலும், “இத்தனை வருட சப்ளையில் இதுதான் முதல் புகார், இதற்கு 2 வருடத் தடை அதிகம்” என்று தண்டனையின் அளவைப் பற்றியே வாதாடலாம். அந்த இரண்டாம் வாதத்துக்கு முதல் நோட்டீஸில் வழியே இல்லை.

கூர்க்கா செக்யூரிட்டி சர்வீசஸ் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் கேட்டதும் இதைத்தான். குற்றச்சாட்டின் ஆதாரமும் நோட்டீஸில் இருக்க வேண்டும், உத்தேசிக்கும் தண்டனையும் இருக்க வேண்டும். ஒரு சலுகை உண்டு. தண்டனையின் பெயரை எழுதாவிட்டாலும், வாசித்ததும் அதுதான் வரப்போகிறது என்று ஐயமில்லாமல் புரிந்தால் போதும். இதை நம்பி நோட்டீஸ் எழுதுவது ஆபத்து என்பது என் கருத்து.

ஏன் என்பதை 2020-இல் வந்த யுஎம்சி டெக்னாலஜிஸ் வழக்கு காட்டும். காவலாளி வேலைக்கான தேர்வை நடத்தித்தர இந்திய உணவுக் கழகம் அந்த நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. வினாத்தாள் கசிந்ததாகக் குற்றச்சாட்டு. 2018 ஏப்ரலில் போன நோட்டீஸில் டெண்டர் நிபந்தனைகளைக் காட்டியிருந்தார்கள், கருப்புப் பட்டியல் என்ற பேச்சே இல்லை. 2019 ஜனவரியில் வந்த உத்தரவில் ஒப்பந்த ரத்து, வைப்புத்தொகை பறிமுதல் ஆகியவற்றோடு 5 ஆண்டுத் தடையும் சேர்ந்து வந்தது. டெண்டர் நிபந்தனையில் அந்த அதிகாரம் இருந்தது என்பது நீதிமன்றத்தில் கழகத்துக்குக் கைகொடுக்கவில்லை. கருப்புப் பட்டியலில் சேர்த்த பகுதியை மட்டும் நீதிமன்றம் ரத்து செய்தது. வினாத்தாள் கசிந்ததா இல்லையா என்பதற்குள் போகவே தேவைப்படவில்லை.

எதிர்முனையிலும் ஒரு தப்பு உண்டு. “தங்கள் குற்றம் நிரூபணமாகிவிட்டது, விளக்கம் தரவும்” என்று எழுதுவது. முடிவெடுத்துவிட்டுக் கேட்கும் விளக்கம் வெறும் சடங்கு என்று 2010-இலேயே ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கில் சொல்லியாகிவிட்டது. பருப்பு நோட்டீஸில் “47 கிலோ மட்டுமே இருந்தன” என்ற வரியை “இருந்ததாகப் பதிவேட்டில் தெரிகிறது” என்று மாற்றினால் நல்லது.